'அடுத்த மாசம் பார்க்கலாம்' வேண்டாமே!

கேள்வி: பெரியம்மா மகன், கடையைப் பெரிதாக்க 2 லட்சம் ரூபாய் கடன் கேட்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய 40 ஆயிரமே இன்னும் வந்தபாடில்லை. கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால், உறவு கெடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

"ஸாரிண்ணா. இப்போ கை கொஞ்சம் டைட்டா இருக்கு. இருந்ததையும் பேங்க்ல டெபாசிட் போட்டுட்டோம். அவருக்கும் இதுல இஷ்டமில்லை. அடுத்த மாசம் பார்க்கலாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

- வாசகி, மதுரை

பதில்: இதை உங்கள் அண்ணனாக இருந்து படித்துப் பாருங்கள். 'இப்போ' என்றால் பிறகு உண்டு. 'பார்க்கலாம்' என்பது நம் வீடுகளில் பாதி சம்மதம். அடுத்த மாதம் முதல் தேதியே போன் வரும். டெபாசிட் என்று சொன்னதும், "அதை வெச்சே பேங்க்ல லோன் தருவாங்களேம்மா" என்பார். அது உண்மையும்கூட. காரணம் சொன்னால், அதற்கு வழி சொல்ல அவருக்கும் இடம் கிடைக்கும். கணவரைக் காட்டியதால் அடுத்த கல்யாண வீட்டில் முறைப்பு அவர்மீதுதான் விழும்.

மாற்றி எழுதினால் இப்படி இருக்கலாம்:

"அண்ணா, கடையைப் பெரிசு பண்றீங்கன்னு கேட்டதுல ரொம்ப சந்தோஷம். ரெண்டு நாளா யோசிச்சேன். பணம் என்னால கொடுக்க முடியாதுண்ணா. நகையோ ஜாமீன் கையெழுத்தோகூட முடியாது. நீங்க வேற ஏற்பாடு பண்ண நேரம் வேணும்னுதான் இன்னைக்கே சொல்றேன். பேங்க் லோனுக்குப் பேப்பர் எழுதணும்னா ஞாயித்துக்கிழமை வர்றேன், உட்கார்ந்து முடிச்சிடலாம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

'முடியலை' என்றால் இன்றைய நிலைமை, நாளை மாறலாம். 'மாட்டேன்' என்றால் முகத்தில் அடித்ததுபோல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது 'முடியாதுண்ணா'. அந்த 'ண்ணா'வை விட்டுவிடாதீர்கள், கடுமையைக் குறைப்பதே அதுதான்.

ஜாமீனைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பணம் இல்லை என்றதும் அடுத்து வருவது, "ஒரு கையெழுத்தாவது போடும்மா" என்பதுதான். அவர் கட்டத் தவறினால், சட்டப்படி அந்தக் கடன் முழுவதற்கும் நீங்களும் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே போக முடிந்தால் மட்டும் அந்த வரியை வையுங்கள்.

பழைய 40 ஆயிரத்தை இதில் இழுக்காதீர்கள். இழுத்தால், "அதைக் கொடுத்துட்டா இதைக் கொடுப்பியா?" என்று பேரம் தொடங்கிவிடும். அதைத் தனியாக, வேறொரு நாளில் கேளுங்கள்.

அனுப்பியதும் அவர் போன் செய்து "ஏம்மா?" என்பார். புதிதாக ஒரு காரணத்தைத் தேடாதீர்கள். "யோசிச்சுட்டுத்தான் சொல்றேண்ணா, முடியாது" என்று அதே வரியை அதே குரலில் சொல்லிவிட்டு, ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேளுங்கள்.