காதால் படம் பார்க்கிறவர்களுக்கும் நம்ம பாய் தெரியணும்!

பத்தமடைப் பாயை இன்ஸ்டாகிராமில் நாலைந்து படமாக அடுக்கிப் போட்டு விற்கிற தோழிகளே, அந்தப் படங்களை டாக்பேக், வாய்ஸ்ஓவர் மாதிரியான திரை வாசிப்பான் வழியாகக் காதால் கேட்கிறவர்களும் உண்டு. 1890-லேயே பார்வையற்றோர் பள்ளி வந்த பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்து ஊர்தானே! படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் எழுதிவிட்டால், கலரையும் அளவையும் போனில் திரும்பத் திரும்பச் சொல்கிற வேலையும் மிச்சம்.

1. பதிவைப் பகிர்வதற்கு முந்தைய திரையில், கூடுதல் அமைப்புகளுக்குள் Write alt text என்று இருக்கும். அதில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப்பெட்டி உண்டு. காலியாக விட்டால் ஆப் தானாகவே May be an image of என்று தொடங்கி ஏதாவது ஊகித்துச் சொல்லும். அந்த ஊகத்தில் நம் கல்யாணப் பாய் வெறும் துணியாகிப் போகலாம்.

2. ஐந்து பெட்டியிலும் 'பத்தமடைப் பாய்' என்று ஒட்டிவிடாதீர்கள். கேட்கிறவருக்கு ஒரே படம் ஐந்து தடவை வந்த மாதிரி இருக்கும். முதல் படத்துக்கு இப்படி எழுதலாம்: 'மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பட்டுப்பாய். கோரையின் இயல்பான வெளிர்மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் அரக்குச் சிவப்புக் கரை, தரையில் முழுதாக விரித்திருக்கிறது.' அடுத்தடுத்த படங்களில் புதிதாக என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொன்னால் போதும். 'இது ஒரு படம்' என்று தொடங்கவும் வேண்டாம், அதை வாசிப்பானே சொல்லிவிடும்.

3. நெசவைக் கிட்டத்தில் காட்டுகிற படத்துக்கு, கடையில் கையால் தடவிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதை எழுதுங்கள். 'நூலளவுக்கு மெல்லிசாகக் கிழித்த கோரை, இடைவெளி தெரியாத நெருக்கமான நெசவு, பருத்தி நூல் பாவு, ஓரம் மடித்துத் தைத்தது.' 'அழகான பாய்', 'அருமையான வேலைப்பாடு' என்பதெல்லாம் வாங்குகிறவருக்கு ஒன்றுமே சொல்லாது.

4. விலைப்பட்டியலைப் படமாகப் போடும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறோம். படத்துக்குள் அச்சடித்த எழுத்தை வாசிப்பான் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே அதில் உள்ள அளவு, விலை, ஆர்டர் எண் அத்தனையும் பெட்டிக்குள் வரணும். '4×6' என்று சுருக்காமல் '4 அடி அகலம், 6 அடி நீளம்' என்றும், 'ரூ.' போடாமல் 'ரூபாய்' என்றும் எழுதினால் காதுக்குக் குழப்பம் இராது. பட்டியல் நீளமாக இருந்தால் முழுவதையும் பதிவின் கீழே எழுத்தாகக் கொடுத்துவிட்டு, பெட்டியில் 'அளவு, விலைப் பட்டியல். முழு விவரம் பதிவின் கீழே' என்று போட்டால் போதும்.

5. முதல் படத்தில் 'தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரை...' என்று விட்டு, அடுத்ததில் '...எப்படிப் பாயாகிறது?' என்று முடிக்கிற ஸ்டைல் வேண்டாம். இரண்டு துண்டுக்கும் நடுவில் வாசிப்பான் வேறு பட்டன்களின் பெயரையெல்லாம் சொல்லும், வாக்கியம் அறுந்துபோகும். ஒரு படத்துக்கு ஒரு முழு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. 'சிவப்பில் உள்ளவை மட்டும் ஸ்டாக்', 'அம்புக்குறி காட்டுகிற பாய்' போன்ற வாசகங்களை ஸ்லைடிலேயே மாற்றிவிடுங்கள். 'பச்சைக் கரைப் பாய் தீர்ந்துவிட்டது, அரக்குக் கரைப் பாய் இருக்கிறது' என்று பெயர் சொன்னால், நிறம் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கும் சேர்த்து உதவும்.

7. கீபோர்டில் கிடைக்கிற வளைவு நெளிவான ஆங்கில எழுத்துகளில் கடைப்பெயரை எழுதாதீர்கள். அவை உண்மையில் கணிதக் குறியீடுகள். வாசிப்பான் ஒவ்வொன்றாக இழுத்து வாசிக்கும், அல்லது விட்டே விடும். பத்து பூ இமோஜி போட்டாலும் பூவின் பெயரைப் பத்து தடவை கேட்க நேரலாம், ஆகவே ஒன்று போதும், அதுவும் வரியின் கடைசியில். ஹாஷ்டேக்கில் சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு: #பத்தமடை_பாய்.

8. பழைய பதிவுகளை அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டாம். மூன்று புள்ளியைத் தட்டி Edit போனால் படத்தின் மேலேயே Edit alt text வரும். அதிகம் விற்கிற பாயில் தொடங்கினால் பலன் சீக்கிரம் தெரியும்.

9. போட்டதும் டாக்பேக்கை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அதற்கு முன், இரண்டு வால்யூம் பட்டனையும் சில விநாடி சேர்த்து அழுத்தினால் அது ஆன், ஆஃப் ஆகிற மாதிரி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அணைக்கத் திண்டாட்டம். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்தது, இரண்டு தட்டில் தேர்வு. பாயின் நிறம், அளவு, விலை, ஆர்டர் எண் நான்கும் காதில் விழவில்லை என்றால், எந்தப் படத்தில் விட்டுப்போனதோ அதன் பெட்டியைத் திருத்துங்கள்.