வரி போக மிஞ்சியது எவ்வளவு?

நார்த்தாமலையில் பங்குனித் திருவிழா நெருங்கும்போது என் டெபாசிட்டுகளில் ஒன்று முதிர்வுக்கு வரும்படி வைத்திருக்கிறேன். 2021 மார்ச்சில் 3 லட்சம் ரூபாயை மூன்றாகப் பிரித்து, ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என மூன்று ரசீதுகளாகப் போட்டேன். எது முதிர்ந்தாலும் வட்டியோடு சேர்த்து அதை மீண்டும் மூன்றாண்டுக்குப் போட்டுவிடுவேன். ஏணி முறை என்பது இதுதான். 2025 மார்ச்சில் நான்காண்டு நிறைந்ததும் இது விலைவாசியை வென்றதா என்று கணக்குப் பார்த்தேன். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் வட்டி. ஓராண்டு ரசீதுக்கு 5%, ஈராண்டுக்கு 5.1%, மூன்றாண்டுக்கு 5.3% கிடைத்தது. புதுப்பித்தபோது அவை முறையே 5.45%, 6.5%, 6.75% ஆயின. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்வதையும் கணக்கில் எடுத்தால், நான்காண்டு முடிவில் மூன்றும் சேர்ந்து சுமார் 3,74,700 ரூபாய்.

அடுத்தது விலைவாசி. மாதந்தோறும் செய்தியில் வரும் பணவீக்க சதவீதத்தை இதற்கு எடுக்கக் கூடாது. 2025 மார்ச்சில் அது 3.34% மட்டுமே. அதைப் பார்த்தால் எந்த டெபாசிட்டும் ஜெயித்ததாகவே தோன்றும். பணம் போட்ட மாதத்துக்கும் அளக்கும் மாதத்துக்கும் உரிய நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்களை எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். அகில இந்தியக் குறியீடு 2021 மார்ச்சில் 156.8, 2025 மார்ச்சில் 192. வகுத்தால் 1.2245. அதாவது, 2021-ல் 3 லட்சத்துக்கு வாங்கிய பொருள்களை வாங்க 2025-ல் சுமார் 3,67,300 ரூபாய் வேண்டும். இதுவரைக்கும் ஏணி 7,400 ரூபாய் முன்னால் நிற்கிறது.

பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் டி.டி.எஸ். அந்த ஆண்டுகளில் ஒரு வங்கியில் மொத்த வட்டி ஆண்டுக்கு 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு 50,000. என் வட்டி எந்த ஆண்டிலும் அந்த 40,000-ஐ எட்டாததால் ரசீதில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்றாகிவிடாது. முதிர்வில் மொத்தமாகக் கைக்கு வரும் வட்டியும் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஆண்டுதோறும் ஏறிவிடுகிறது. அந்தந்த ஆண்டிலேயே அதைக் கணக்கில் காட்டிவிடுகிறேன்.

பழைய வரி முறையில் நான் 20% அடுக்கில் இருக்கிறேன். 4% செஸ் சேர்த்தால் 20.8%. இந்த வரி என் சம்பளத்திலிருந்து போவதால் டெபாசிட் குறைவது கண்ணில் படாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டு வட்டியையும் 0.792-ஆல் பெருக்கி, மிஞ்சியதை மட்டும் அசலோடு சேர்த்துக் கணக்கிட்டேன். இப்போது வந்த தொகை சுமார் 3,58,200. விலைவாசிக்கு ஈடான தொகையைவிட 9,100 ரூபாய்க்கு மேல் குறைவு. வரிக்கு முன் வென்ற ஏணி, வரிக்குப் பின் தோற்றுவிட்டது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத என் அம்மா இதே ரசீதுகளை வைத்திருந்தால், அவருக்கு அந்த 7,400 ரூபாய் லாபம் நின்றிருக்கும்.

எங்கே தோற்றது என்றும் பிரித்துப் பார்த்தேன். 2023 மார்ச் வரையிலான முதல் இரண்டு ஆண்டுகளில் விலைவாசி 13% ஏற, வரி போக என் பணம் 8.6% தான் வளர்ந்தது. அப்போதே 13,000 ரூபாய்க்கு மேல் பின்தங்கிவிட்டேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதில் ஒரு பகுதியே மீண்டது. மூன்று ரசீதுகளில் மிகவும் பின்தங்கியது ஓராண்டுக்குப் போட்டதுதான். அது 2022 மார்ச்சில் முதிர்ந்து 5.45 சதவீதத்தில் மூன்றாண்டுக்குப் பூட்டப்பட்டது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏற்றத் தொடங்கியது அதே ஆண்டு மே 4-ல். மற்ற இரண்டும் ஏறிய வட்டியில் புதுப்பிக்கப்பட்டதால் ஓரளவு தேறின. ஏணி செய்யும் வேலை இவ்வளவுதான்: மொத்தப் பணமும் ஒரே குறைந்த வட்டியில் சிக்காமல் காக்கும். விலைவாசியைத் தாண்டும் வட்டியை அதனால் உண்டாக்க முடியாது.

குறியீடு நாட்டின் சராசரிதான். மருந்துக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அதிகம் செலவழிக்கும் வீட்டில் விலை ஏற்றம் வேறாக இருக்கும்.

புதுப்பிக்கும் முன் இப்போது ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்கிறேன். விலைவாசி ஏற்றத்தை, வரி போக ஒரு ரூபாயில் மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும். அந்த நான்காண்டில் விலைவாசி ஆண்டுக்குச் சராசரி 5.19% ஏறியது. 5.19-ஐ 0.792-ஆல் வகுத்தால் 6.55. கூட்டு வட்டியும் சேர்த்து ஆண்டுக்கு அவ்வளவு கிடைத்திருந்தால்தான், என் வரி அடுக்கில் பணம் தன் மதிப்பையாவது காத்திருக்கும்.