வரவுச் சதவீதமும் சமனிலியும்

பல்கலைக்கழகங்களில் பரீட்சைக்குத் தோற்றப் பொதுவாக 80% வரவு வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்கும் கல்முனை மாணவி ஒருவர் தமது வரவு இடாப்பின் ஸ்கிரீன்ஷொட்டை உங்களிடம் காட்டுவதாகக் கொள்வோம்.

நடைபெற்ற விரிவுரைகள்: 45
சமுகமளித்தவை: 33

வினா: 80% வரவைப் பெற, இன்னும் எத்தனை விரிவுரைகளுக்குத் தொடர்ந்து செல்லவேண்டும்?

தீர்வு: இப்போதைய வரவு 33/45 × 100 = 73.3%.

45இன் 80% என்பது 36. எனவே மூன்று விரிவுரைகள் போதும் எனப் பலர் விடை எழுதுவர். அது பிழை. மூன்றுக்குச் சென்றால் நடைபெற்றவையும் 48 ஆகிவிடும். 36/48 என்பது 75% மட்டுமே. ஒவ்வொரு விரிவுரையும் தொகுதியையும் பகுதியையும் ஒன்றால் கூட்டுகிறது.

தேவையான விரிவுரைகள் x எனின்,

(33 + x)/(45 + x) ≥ 80/100
33 + x ≥ 36 + 0.8x
0.2x ≥ 3
x ≥ 15

விடை: குறைந்தது 15.

சரிபார்த்தல்: அவர் வராத நாட்கள் 12. இவை மொத்தத்தின் 20%ஐ மிஞ்சக்கூடாது. 12 என்பது 60இன் 20%; 60 − 45 = 15.

கவனிக்க: எஞ்சியவை 14 மட்டுமே எனின், எல்லாவற்றுக்கும் சென்றாலும் 47/59 = 79.66%. திரையில் இது 80% என மட்டந்தட்டித் தோன்றலாம். ஆயினும் 80ஐ எட்டவில்லை. ஸ்கிரீன்ஷொட் எடுத்த பின்னர் நடந்த விரிவுரைகளையும் சேர்த்த பின்பே கணிப்பைத் தொடங்குக.