பவர் பிரஸ்: விரல் நுழையாத வழி

தோட்டங்களின் லயன் கூரைகளுக்கு வாஷர், பீலித் தாங்கி, பிணைச்சல் போன்றவற்றைச் செய்து கொடுக்கலாம் என்று பழைய பவர் பிரஸ் ஒன்றை வாங்கிப் போட நினைக்கும் சகோதரர்கள், விலை பேசுவதற்கு முன்னர் அதன் கிளட்ச் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. பழைய சிறிய பிரஸ்களில் பெரும்பாலும் இருப்பது சாவிக் கிளட்ச். பெடலை மிதித்ததும் சுழலும் பிளைவீலுடன் ஒரு சாவி கொளுவிக்கொள்ளும். கொளுவிய பின்னர் ஒரு முழுச் சுற்று முடியும்வரை ராமை நிறுத்த முடியாது. பாதி வழியில் காலை எடுத்தாலும் சுவிட்சை அணைத்தாலும் அது இறங்கியே தீரும்.

பதுளையில் உள்ள ஒரு வேர்க்ஷொப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரஸ் நிமிடத்துக்கு 120 சுற்று ஓடுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு அரைச் செக்கன், ராம் இறங்குவதற்குக் கால் செக்கன். ஒரு நாளில் 2000 வாஷர்கள் வெட்டப்படுகின்றன. தொழிலாளி ஒவ்வொரு துண்டையும் கையால் வைத்து எடுப்பாராயின், அவரது விரல் ஒரு நாளில் 2000 தடவை டைக்குள் போய் வருகிறது. 300 வேலை நாட்களுக்கு இது ஆறு இலட்சம் தடவை. ‘நம்ம பொடியன் நல்ல கவனம்’ என்று முதலாளி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆறு இலட்சம் தடவையில் ஒரு தடவைகூடக் கால் முந்தக்கூடாது என்றல்லவா நாம் அவரிடம் எதிர்பார்க்கிறோம்! ஆபத்து மதிப்பீடு என்பது இந்தக் கணக்குத்தான்: எத்தனை தடவை கை உள்ளே போகிறது, பிசகினால் என்ன போகும், தப்ப நேரம் உண்டா? இங்கே போவது விரல். தப்ப நேரமில்லை.

இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தும் முறையை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கொளுவும் சாவியாக இருந்தால், கொளுவுவதற்கே ஒரு முழுச் சுற்று, அரைச் செக்கன் ஆகலாம். அதன்பின் இறங்கக் கால் செக்கன். மொத்தம் 0.75 செக்கன். கை செக்கனுக்கு 1.6 மீற்றர் வேகத்தில் நகரும் என்று கொள்வது வழக்கம். எனவே பொத்தான்கள் டையிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். சிறிய வேலைக்கு இது ஒத்துவராது. பொத்தானைக் கிட்ட வைத்தால் அது வெறும் அலங்காரம். ஒளிக்கதிர் தடுப்பும் இந்த வகைப் பிரஸுக்குப் பயன்படாது; நிறுத்த முடியாத ராமுக்கு ‘நில்’ என்று சொல்லி என்ன பயன்?

ஆகவே மிஞ்சுவது டையைச் சுற்றி அடைக்கும் நிலையான கவசம். வாஷருக்கு இது சுலபம். தகட்டைத் துண்டு துண்டாக வைக்காமல், நீளப் பட்டியாக ஒரு பிளவின் வழியே தள்ள வேண்டும். டைக்குக் கிட்ட அந்தப் பிளவின் உயரம் 6 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு மில்லிமீற்றர் தகடு தாராளமாகப் போகும், விரல் போகாது. வெட்டிய வாஷர் டையின் துளைவழி கீழே விழும். கவசத்துக்குக் கம்பி வலையோ துளைத் தகடோ போட்டால் உள்ளே நடப்பதும் தெரியும். தொழிலாளி கவசத்தைக் கழற்றி வைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல, வேலை தெரியாமல் இருப்பதுதான்.

பீலித் தாங்கியை வளைப்பது வேறு கதை. துண்டை ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். இதற்கு, கவசத்துக்கு வெளியே துண்டை வைத்து உள்ளே தள்ளும் ஒரு இழுப்புத் தட்டைச் செய்துகொள்ளலாம். குறடும் காந்தக் கோலும் உதவிதான், ஆனால் அவை கவசத்துக்கு ஈடல்ல. குறடு கைநழுவினால் வெறும் விரல்தான் பின்னால் போகும்.

கவசம் போட்ட பின்னரும் ஒரு ஆபத்து மிஞ்சும். ஒரு மிதிக்கு ராம் இரண்டு தடவை இறங்குவதுண்டு. சாவி தேய்ந்திருக்கும், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பிரேக் பட்டியில் எண்ணெய் பட்டிருக்கும். ராம் உச்சியில் நிற்காமல் சற்றுத் தாண்டி நிற்பதே இதன் முதல் அறிகுறி. தினமும் காலையில் தகடு வைக்காமல் பத்துத் தடவை மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தடவை தாண்டினாலும் அன்று அந்தப் பிரஸ் ஓடக்கூடாது. பெடலுக்கு மேலே ஒரு மூடியும் தேவை. விழும் இரும்புத் துண்டு ஒன்றே மிதித்துவிடும்.

டை மாற்றும்போது கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்த பின்னரும் பிளைவீல் சற்று நேரம் சுழலும். அது முற்றாக நின்ற பின்னரே கை வைக்க வேண்டும். ராமின் கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு பிளைவீலைக் கையால் சுற்றிப் பொருத்தும்போது மட்டும் அதை எடுக்க வேண்டும். மின்வெட்டு வந்து போனதும் தானாக ஓடத் தொடங்காத ஸ்டார்ட்டர் இருக்க வேண்டியதும் இதனால்தான்.

ஆபத்தான இயந்திரப் பாகங்களை உறுதியாக மறைக்க வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. கவசத்தைக் கையால் திருகிக் கழற்றும் ஆணியால் அல்லாமல் போல்ட்டால் பூட்டி, அதற்குரிய ஸ்பெனரை டை மாற்றுபவரிடம் மட்டும் கொடுத்து வையுங்கள்.