ஓர் அங்குலம்

துளசியின் திருமணத்திற்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் திருமணம். மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கும் பொறுப்பு துளசியின் தங்கை கவிதாவுக்கும், கவிதாவின் தோழி நளினிக்கும் கிடைத்திருந்தது. இருவரும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரே வகுப்பில் படிப்பவர்கள். தொடக்கப்பள்ளி முதலே இணைபிரியாத் தோழிகள்.

அன்று மாலை, கவிதாவின் அம்மா அலமாரியிலிருந்து ஒரு காஞ்சிபுரம் பட்டுப் புடவையை எடுத்து வந்தார். மயில் கழுத்து நிறம். ஓரத்தில் மெல்லிய சரிகை. அவருடைய திருமணப் புடவை அது.

“இதை நீ கட்டிக்கொள். ஆனால், ஒன்றை நினைவில் வைத்துக்கொள், கவிதா. புடவையோடு சேர்த்து நெய்த ரவிக்கைத் துணியை நான் வெட்டவே இல்லை. அப்போது வேறு துணியில் தைத்துக்கொண்டேன். மொத்தம் எண்பது சென்டிமீட்டர்தான் இருக்கிறது. தவறாக வெட்டிவிட்டால் இதே நிறத்தில், இதே சரிகையில் வேறு துணி கிடைக்காது.”

“கவலைப்படாதீர்கள் அம்மா! தேக்கா மாடியில் ராஜு மாமா இருக்கிறார். போன தீபாவளிக்கு அவர் தைத்த பிளவுஸ் எனக்கு அச்சில் வார்த்ததுபோல் இருந்தது,” என்றாள் கவிதா.

அருகில் அமர்ந்திருந்த நளினி உடனே நிமிர்ந்தாள்.

“பட்டுத் துணியை அவரிடமா கொடுக்கப் போகிறாய்? அவர் டேப்பைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. பழைய பிளவுஸை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து வா என்று சொல்லிவிடுவார். பிளவுஸ் என்றால் எங்கள் ஈசூன் செல்வி அக்காதான்.”

“உங்கள் செல்வி அக்கா வீட்டில் தைப்பவர். நூற்றுக்கணக்கான பிளவுஸ்களைத் தைத்த கை ராஜு மாமாவின் கை!”

“எத்தனை தைத்தால் என்ன? அளவு எடுக்காமல் எப்படிச் சரியாக இருக்கும்?”

இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. “திருமணத்தன்று பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டு நளினி எழுந்து சென்றாள். விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு எப்போது சண்டையானது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கவிதா தேக்கா நிலையத்தின் இரண்டாம் தளத்திற்குப் படியேறினாள். வரிசையாகத் துணிக் கடைகள். அவற்றுக்கிடையே தையல் இயந்திரங்களின் ஓசை. ராஜு மாமா பட்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்திருந்த இடங்களில் நூல் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார்.

“நல்ல துணி. உங்கள் அம்மா மடிப்பை மாற்றி மாற்றி வைத்துப் பாதுகாத்திருக்கிறார். அளவுக்கு என்ன கொண்டு வந்திருக்கிறாய்?”

கவிதா தீபாவளி ரவிக்கையை நீட்டினாள். அவர் அதை மேசையில் விரித்துக் கையால் நீவியபடியே கேட்டார்.

“இது இப்போதைய அளவுதானே? போட்டுப் பார்த்தாயா?”

“நீங்கள் தைத்ததுதானே மாமா! கச்சிதமாக இருக்கும்,” என்றாள் கவிதா.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். சீட்டில் அவளது பெயரை எழுதி ரவிக்கையோடு சேர்த்துக் குத்தி வைத்தார்.

அதே வார இறுதியில் நளினி ஈசூனில் செல்வி அக்காவின் வீட்டில் நின்றிருந்தாள். செல்வி அக்கா டேப்பை எடுத்து, தோள், மார்பு, இடுப்பு, கைச் சுற்றளவு, முதுகின் அகலம் என்று ஒவ்வொன்றாக அளந்து குறிப்பேட்டில் எழுதினார். பிறகு, கையைத் தூக்கச் சொன்னார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“நின்றால் ஓர் அளவு, கையைத் தூக்கினால் வேறு அளவு. ஆரத்தித் தட்டைத் தூக்கப் போகிறவள் நீ. அதையும் பார்க்க வேண்டும் அல்லவா?” என்றார்.

“அக்கா, உள்ளே துணியை நிறைய விடாதீர்கள். தடிப்பாக இருந்தால் அக்குளில் உறுத்துகிறது,” என்று கேட்டுக்கொண்டாள் நளினி. செல்வி அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, கவிதாவின் ரவிக்கை சொன்ன நாளில் தயாராகிவிட்டது. கழுத்தின் வளைவும், கை ஓரத்தில் சரிகையைப் பொருத்தியிருந்த விதமும் கண்ணைப் பறித்தன. வீட்டிற்கு வந்ததும் ஆசையோடு அணிந்து பார்த்தாள்.

கொக்கிகள் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து ஒருவழியாக மாட்டினாள். மார்புப் பகுதியில் துணி குறுக்கே வரி வரியாக இழுத்துக்கொண்டு நின்றது. கையைத் தூக்கினாள். தோளுக்குமேல் கை உயரவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றால் பட்டு கிழிந்துவிடும் என்று தோன்றியது.

பதறிப்போய்த் தீபாவளி ரவிக்கையை எடுத்து அணிந்தாள். அதுவும் அதே இடத்தில் இறுக்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தீபாவளிக்குப் பிறகு கல்லூரியின் டிராகன் படகுக் குழுவில் சேர்ந்திருந்தாள். வாரத்திற்கு மூன்று நாள் துடுப்புப் போட்டதில் கையும் மார்பும் திரண்டிருந்தன. ‘போட்டுப் பார்த்தாயா?’ என்று ராஜு மாமா கேட்டது காதில் ஒலித்தது.

திருமணத்திற்கு ஐந்து நாள்களே இருந்தன. ராஜு மாமாவின் கடைக்கு ஓடினாள். கடை மூடியிருந்தது, உறவினர் வீட்டுத் துக்கத்திற்காக அவர் ஜோகூர் சென்றிருப்பதாகவும், திரும்ப ஒரு வாரமாகும் என்றும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அம்மாவிடம் சொல்லப் பயம். நளினியிடம் சொல்ல வெட்கம்.

அன்றிரவு நளினியே வந்தாள். பேச்சு வார்த்தை குறைந்து போயிருந்தாலும், ஆரத்தித் தட்டு அலங்காரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த தட்டுகளைக் கவிதா எடுக்கட்டும் என்று காத்திருந்தாள். கவிதாவோ கட்டிலின் மீது கிடந்த ரவிக்கையை அவசரமாக ஒளிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

“போட்டுக் காட்டு,” என்றாள் நளினி.

கவிதாவின் கண்கள் கலங்கின. நளினி வேறு எதுவும் கேட்கவில்லை. ‘நான் அப்போதே சொன்னேன்’ என்றும் சொல்லவில்லை. ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக் காலை செல்வி அக்காவைப் பார்ப்போம்.”

செல்வி அக்கா முதலில் ரவிக்கையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பினார். தையல் ஓரங்களை விரல்களால் பிரித்துப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“யார் தைத்தது?”

“தேக்கா ராஜு மாமா,” என்றாள் கவிதா தயக்கத்துடன்.

“தேர்ந்த கை. இங்கே பார். கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையல். அந்தத் தையலுக்கு வெளியே ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் விட்டிருக்கிறார். உள்துணியிலும் அப்படியே. பட்டுத் துணி திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தவர்தான் இப்படிச் செய்வார்.”

பிறகு அவர் கவிதாவை நிற்கவைத்து அளந்தார். மார்புச் சுற்றளவு ரவிக்கையின் அளவைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தது; கைச் சுற்றளவு ஓர் அங்குலம் கூடியிருந்தது.

“ஒவ்வொரு பக்கத் தையலிலும் முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் சேர்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு ஓரங்கள். ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டால் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். கையில் ஒரே தையல், இரண்டு ஓரங்கள். அங்கே ஓர் அங்குலம் கிடைக்கும். போதும்.”

“அப்படியென்றால் எதையும் சரிசெய்துவிடலாமா அக்கா?” என்று கேட்டாள் நளினி.

“முடியாது. முதுகின் அகலம் குறைந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கை பொருந்தும் இடத்தை வளைத்து வெட்டிய பிறகு அங்கே துணி ஏது? நல்லவேளையாக, முதுகின் அகலம் இவளுக்குச் சரியாக இருக்கிறது.”

செல்வி அக்கா பழைய தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். அந்த இடத்தில் ஊசி குத்திய புள்ளிகள் ஒரு கோடுபோல் தெரிந்தன. அவற்றை நகத்தால் மெல்ல நீவி, மேலே பருத்தித் துணியைப் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டார். கோடு மங்கியது, முழுதும் மறையவில்லை.

“அக்குளுக்குக் கீழேதான். வெளியே தெரியாது,” என்றார்.

அவர் தைத்துக்கொண்டிருந்தபோது, நளினி தன்னுடைய ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கால் அங்குலத் துணிகூட இல்லை.

“அக்கா, நானும் படகுக் குழுவில் சேர்ந்தால்?”

“புதிதாகத்தான் தைக்க வேண்டும்,” என்று சிரித்தார் செல்வி அக்கா. “உறுத்தக் கூடாது என்று நீ கேட்டாய், ஓரத்தை வெட்டிவிட்டேன். பழைய அளவு போதும் என்று இவள் சொன்னாள். அவர் அப்படியே தைத்துவிட்டார். டேப்பை எடுத்திருந்தால் அவருக்கு உடனே தெரிந்திருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அங்குலத்தை விட்டு வைத்தாரே, அதுதான் இன்று உங்களைக் காப்பாற்றியது.”

திருமண நாளில் மேளம் முழங்கியது. தோழியர் இருவரும் ஆரத்தித் தட்டை இரு பக்கமும் பிடித்து மணமக்களின் முகத்துக்கு நேரே உயர்த்தினர். கவிதாவின் கை தடையின்றி உயர்ந்தது. எதிரே அமர்ந்திருந்த அம்மா, இத்தனை ஆண்டுகள் தாம் வெட்டாமல் வைத்திருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராஜு மாமா திரும்பியதும் என்னையும் அழைத்துச் செல்கிறாயா?” என்று மெல்லக் கேட்டாள் நளினி.

“எதற்கு?”

“பொங்கலுக்கு ஒரு பிளவுஸ் தைக்க வேண்டும். அளவை மட்டும் செல்வி அக்காவிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.”

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை மூன்றாம் முறை சுற்றினாள்.

கருத்தறிதல் வினாக்கள்

1. அம்மா ரவிக்கைத் துணியைப் பற்றிக் கவிதாவை எச்சரித்ததற்குக் காரணம் யாது?

2. ராஜு மாமா, செல்வி அக்கா ஆகிய இருவரின் வேலைமுறையிலும் நீ காணும் ஒரு நிறையையும் ஒரு குறையையும் எழுதுக.

3. கவிதாவின் ரவிக்கையில் எதைச் சரிசெய்ய முடிந்தது? எதைச் சரிசெய்ய முடியாமல் போயிருக்கும்? ஏன்?

4. ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று நளினி சொல்லியிருந்தால் கதை எவ்வாறு மாறியிருக்கும்? நண்பர்களுடன் கலந்துரையாடுக.