ஜிப்பை மாற்றுமுன் ரன்னரைப் பாருங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், சங்கரன்கோவிலில் என் வீட்டுத் திண்ணைக்குத் துணியைவிடப் புத்தகப் பைகள்தான் அதிகமாக வரும். “யக்கா, ஜிப்பு போச்சு, புதுசு வச்சுத் தாங்க” என்றுதான் கொடுப்பார்கள். வாங்கியதும் நான் பிரிக்க உட்கார மாட்டேன். பல பைகளில் ஜிப் நன்றாகவே இருக்கும். தேய்ந்தது ரன்னராக இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஜிப்பை மெதுவாக மூடிப் பாருங்கள். ரன்னர் கடந்து போன பிறகு பின்னால் வாய் பிளக்கிறது, ஆனால் பற்கள் வரிசை குலையாமல் இருக்கின்றன என்றால் ரன்னரின் உட்பக்கம் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது. செம்மண் தூசியும், நிரம்பி வழியும் பையை வலிந்து மூடுவதும் அதைச் சீக்கிரம் தேய்க்கும். ரன்னரின் பின்விளிம்புகளைக் குறடால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக லேசாக அமுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். நிலைக்க வேண்டுமென்றால் புது ரன்னர் போட வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலும் அதன் அடியிலேயே 5, 8, 10 என்று எண் பதிந்திருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். எண் மாறினால் ரன்னர் ஏறாது, ஏறினாலும் பிடிக்காது.

பற்சுருள் நாடாவைவிட்டுக் கழன்றிருந்தாலோ, நாடாவே கிழிந்திருந்தாலோதான் முழு ஜிப்பையும் மாற்றுவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பை அப்படி வந்தது. பெரிய அறையின் வளைவில் சுருள் பிய்ந்து தொங்கியது. பாரம் அழுத்தும் இடம் அந்த வளைவு என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் போகும்.

பழைய ஜிப்பை வளைவோடு சேர்த்து அளவுநாடாவால் அளந்து, 5 செ.மீ. கூட்டி மீட்டர் ஜிப் வாங்கினேன். சுருள் வெளியே தெரியும் வகையா, உள்ளே மறையும் வகையா என்றும் பார்த்து வாங்க வேண்டும். இரண்டுக்கும் ரன்னர் வேறு. வெட்டிய நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது.

பிரிக்கும் முன் செய்யும் வேலைதான் முக்கியம். ஜிப் மூடிய நிலையில் இருக்கும்போதே, இரண்டு பக்கத் துணியிலும் நேருக்கு நேராக ஒரு சாண் இடைவெளியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டேன். புது ஜிப்பிலும் அதே இடைவெளியில் கோடு. பிறகு புது ஜிப்பை இரண்டு நாடாவாகப் பிரித்து, பையில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துத் தைத்தேன். அது முடிந்தபின் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டால் துணி இழுபட்டு எந்த இடம் எதற்கு நேர் என்று தெரியாமல் போகும். மூடும்போது ஒரு பக்கம் சுருங்கி நிற்கும்.

நீளமான பகுதி மெஷினுக்கு. பையை உள்வெளியாகத் திருப்பி, ஜிப் ஃபுட் மாட்டி, 18ஆம் எண் ஊசி போட்டு, தையலைச் சற்றுப் பெரிதாக வைத்தேன். உள்ளே மடிப்பும் பைண்டிங் டேப்பும் சேர்ந்து தடிக்கும் இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மிதித்தால் ஊசி ஒடியும். எங்கள் ஊரில் தறி நூல் தாராளமாகக் கிடைக்கும். அதைப் பைக்குப் போடாதீர்கள். பருத்தி நூல் மழையிலும் உராய்விலும் சீக்கிரம் நைந்துவிடும். பாலியெஸ்டர் நூல்தான் தாங்கும்.

இரண்டு நுனிகளும் பையின் அடித்தையலுக்குள் சொருகியிருக்கும். வீட்டு மெஷினின் கால் அங்கே நுழையாது. அந்த இடத்தில் நாலு விரல் நீளத்துக்குத் தையலைப் பிரித்து வைத்திருந்தேன். ரன்னருக்கு ஒரு பக்கம் இரட்டை வாய், மறுபக்கம் ஒற்றை வாய். நாடாக்களின் நுனிகளைச் சமமாகப் பிடித்து, இரட்டை வாய்க்குள் ஆளுக்கொன்றாகச் சொருகி உள்நோக்கி இழுத்தால் பின்னால் பற்கள் மூடிக்கொண்டே வரும். மறுநுனியிலும் அப்படியே. இப்போது இரண்டு ரன்னர்களின் இரட்டை வாய்களும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். சாக்பீஸ் கோடுகள் நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஒரு நாடா முந்திவிட்டது, ரன்னரைக் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். நேராக நின்றால், இரட்டை நூலில் நெருக்கமான பின்தையல் போட்டு நுனிகளை அடித்தையலோடு கையால் மூடுங்கள். விரலுக்குக் கவசம் அவசியம்.

புத்தகங்களை அடுக்கி மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். காலிப் பையில் சரியாக ஓடும் ஜிப் பாரத்தில் பிளக்கலாம்.

எல்லாப் பைக்கும் இது பலிக்காது. பழைய தையல் ஓட்டைகளில் துணியை விரலால் இழுத்துப் பாருங்கள். ஓட்டைகள் கோடாகக் கிழிந்தால், உள்பூச்சு உதிர்ந்து கொட்டினால், புதுத் தையல் நிற்காது. அந்தப் பைக்கு ஜிப் வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.