மதிலைத் திருத்த அயலவருக்கு எழுதும் கடிதம்

2006ஆம் ஆண்டு சித்திரையில் சம்பூரையும் அயற்கிராமங்களையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. வேலியும் இல்லை, எல்லை மரங்களும் இல்லை என்ற நிலையில் காடுமண்டிக் கிடந்த ஒரு வளவில், இரு குடும்பங்களுக்கும் பொதுவான மதிலில் ஒரு துண்டு எஞ்சியிருந்தால் அது வெறும் கல்லும் சீமெந்தும் அல்ல. எல்லைக்கு அதுவே சாட்சி. ஆகையால் அது சரியும்போது, செலவை யார் கொடுப்பது என்பதற்கு முன்னர், அது எந்தக் கோட்டில் நின்றது என்பதை இருவரும் சேர்ந்து குறித்துவைக்க வேண்டும். அயலவர் இன்னும் திரும்பி வராமல் வேறிடத்தில் இருந்தால் இதற்குக் கடிதமே வழி. வாய்ச்சொல்லைக் காலம் மாற்றிவிடும் என்பதை நம்மில் பலர் முகாமிலேயே படித்துவிட்டோம்.

கடிதம் எழுதுமுன் மதிலைப் பார்க்க வேண்டும். வெடிப்பு படிக்கட்டுப் போலக் கல்லுக்குக் கல் இறங்கிச் சென்றால், அத்திவாரம் ஓரிடத்தில் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் ஒருவருடைய குற்றமும் அல்ல. வெடிப்பு நிலத்தோடு கிடையாக ஓடி, மதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், மறுபக்கத்திலிருந்து ஏதோ தள்ளுகிறது. அந்தப் பக்கத்தில் குவித்த மண்ணோ, மாரியில் தேங்கும் தண்ணீரோ, மரவேரோ இருக்கும். மேற்கல்லிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆறு அங்குலக் கனமுள்ள மதில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், வெடிப்பைப் பூசி மறைப்பது வீண் செலவு. அந்தப் பகுதியை இறக்கித்தான் கட்ட வேண்டும்.

இந்தப் பார்வை ஏன் தேவை என்றால், செலவுப் பங்கீடு இதில்தான் தங்கியிருக்கிறது. எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் பொதுமதில் பழுதானால் பாதிக்குப் பாதி என்பதே நியாயமான தொடக்கம். ஒருவருடைய செயலால் விழுந்த பகுதியை அவரே கட்டித்தர வேண்டும். ஒருவர் தம் பக்கத்துக்கு மாத்திரம் பூச்சோ அலங்காரமோ விரும்பினால் அதுவும் அவருடைய செலவே. மதில் முழுவதும் ஒருவருடைய நிலத்துக்குள் நின்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது அவருடைய மதில்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மதிலின் நீளம் 60 அடி, உயரம் 5 அடி. அதில் 24 அடி விழுந்துவிட்டது. அந்த இடத்தின் பரப்பு 120 சதுர அடி. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட புளொக் கல் என்றால், உடைவையும் சேர்த்து ஏறக்குறைய 135 கல் வேண்டும். விழுந்ததில் 45 கல் முழுதாக இருந்தால் 90 வாங்கினால் போதும். பழைய கல்லும் இருவருக்கும் பொதுவானது. ஒருவர் எடுத்துக் கோழிக்கூடு கட்டிவிட்டு மற்றவரிடம் புதுக்கல்லுக்குக் காசு கேட்கக்கூடாது. மேசன் கூலி, சீமெந்து, மணல், கல் எல்லாமாக 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்கு எழுதும் தொகை. உங்கள் மேசனிடம் விலை எழுதி வாங்குங்கள். அடிக்கு 2,500 ரூபா வருகிறது. விழுந்ததில் 16 அடி அத்திவாரம் தாழ்ந்ததால் விழுந்தது. மிகுதி 8 அடி, கடிதம் எழுதுபவர் வளவைத் துப்புரவாக்கியபோது மதிலோடு மண்ணைக் குவித்ததால் விழுந்தது. அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்பின் அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமும் அக்காவின் நலமும் அறிய ஆவல்.

நம் இரு வளவுக்கும் நடுவில் உள்ள மதிலில், கிணற்றுப் பக்கமாக 24 அடி போன மாரியில் விழுந்துவிட்டது. மேசனைக் கூட்டிவந்து காட்டினேன். 16 அடி அத்திவாரம் இறங்கியதால் விழுந்தது என்கிறார். மற்ற 8 அடி நான் குவித்த மண் தள்ளியதால் விழுந்தது. அது என் பிழை. மண்ணை என் செலவில் அள்ளிவிட்டேன்.

மொத்தச் செலவு 60,000 ரூபா. மேசன் எழுதித்தந்த துண்டை இத்துடன் அனுப்புகிறேன். 8 அடிக்குரிய 20,000 ரூபாவை நானே கொடுக்கிறேன். 16 அடிக்குரிய 40,000 ரூபாவில் உங்கள் பங்கு 20,000, என் பங்கு 20,000. நீங்கள் இப்போது 10,000 தந்து, மிகுதியைப் பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்தபின் தந்தாலும் எனக்குச் சம்மதம். தம்பியை வேலைக்கு அனுப்பினால் அவருடைய நாட்கூலியை உங்கள் பங்கில் கழிப்போம்.

பழைய அத்திவாரக் கோட்டிலேயே கட்டுவோம். இந்தத் திருத்தத்தால் நம் இருவருடைய எல்லையும் மாறாது. தோண்டும் நாளில் நீங்கள் வந்து கோட்டைப் பார்த்தால் நல்லது.

மழைக்கு முன், புரட்டாசியில் வேலையை முடிக்க விருப்பம். ஆவணி முடிவதற்குள் பதில் எழுதுங்கள். இந்தக் கணக்கில் உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பேசித் தீர்த்தபின்தான் கல் இறக்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் அயலவன்"

இக்கடிதத்தில் தம் பிழையை முதலில் சொன்னதால், அயலவர் அதைத் தேடி வர வேண்டியதில்லை. மிகுதி 16 அடியை மாத்திரமே அவர் யோசிக்க வேண்டும். எல்லை மாறாது என்ற ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். நமது நாட்டில் ஒருவர் பிறர் நிலத்தைத் தமது போல பத்தாண்டு தடையின்றி ஆண்டால் உரிமை கோர இடமுண்டு. கட்டும்போது அரை அடி தள்ளிய மதில் பின்னர் பிள்ளைகளின் வழக்காகும்.

அயலவர் சம்மதித்தால், கட்டும்போது இரண்டு காரியங்களை விடவேண்டாம். ஒன்று, கரையோரத்து உப்பு மணலைக் கலக்காதிருப்பது. பூச்சில் வெண்பொடி பூத்து, கையால் தட்டினால் உதிரும் மதில்கள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவை. மற்றது, ஒரு பக்க நிலம் உயரமானால், மதிலின் அடியில் ஆறடிக்கு ஒன்றாக நீர் வடியத் துளை விடுவது. தண்ணீர் யாருடைய முற்றத்தில் வடியும் என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். மதில் தகராறுகளில் பாதி தண்ணீர்த் தகராறுதான்.

அயலவர் மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ மதிலைத் தன்னிச்சையாக இடிக்கவேண்டாம். அது ஆட்களுக்குமேல் விழும் நிலையிலிருந்தால் முதலில் கிராம அலுவலருக்குக் காட்டி, நாற்புறமும் படம் பிடித்து, தடி கொடுத்துத் தாங்கி வையுங்கள். அடுத்த படி இணக்க சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபையில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இருவரும் நேரில் பேசித் தீர்வு எழுதலாம். உங்கள் கடிதத்தின் பிரதியும் மேசனின் துண்டும் அங்கே பேசும்.

பணம் கைமாறும் நாளில் ஒரு தாளில் தொகையையும் திகதியையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதை உறுதியோடு அல்லது அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் வையுங்கள்.